சென்னை விமான நிலையம்: வருகைத் தளத்தில் இறக்கிவிட்டால் உள்நாட்டுப் புறப்பாட்டுக்கு எப்படிச் செல்வது?

மாம்பலம்வாசி

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு தில்லிக்குப் புறப்பட்டேன். விமானம் காலை 6.10 மணிக்கு. செயலி வழியாகப் பதிவு செய்த வாடகைக் கார் 4.42-க்கே எங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டது. பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, "இதுதாம்மா டொமஸ்டிக்" என்று கட்டடத்தைக் காட்டிய ஓட்டுநர் உடனே புறப்பட்டுவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, கட்டடம் அதுதான். ஆனால் நாங்கள் நின்ற இடம் அதன் கீழ்த்தளம், அதாவது வந்திறங்கும் பயணிகள் வெளியே வரும் இடம்.

அது எனக்கு உடனே புரியவில்லை. எதிரில் கண்ணாடிக் கதவுகள் இருந்தன, ஆட்கள் வந்துகொண்டும் இருந்தார்கள். அம்மாவை ஒரு தூணருகே உட்காரவைத்துவிட்டு முதல் கதவுக்குப் போனேன். காவலர் கையை மட்டும் அசைத்தார். அடுத்த கதவில் இருந்தவர், "இது எக்ஸிட், மேலே போங்க" என்றார். மேலே என்றால் எந்த வழியாக என்று கேட்பதற்குள் அவர் வேறு யாரையோ தடுக்கப் போய்விட்டார். கார் ஏறிவரும் சரிவுப் பாதையில் நடந்தே ஏறிவிடலாம் என்று நினைத்துப் பாதி தூரம் சென்று, அதில் நடைபாதையே இல்லை என்று கண்டு திரும்பினேன். ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மா லிஃப்டைக் காட்டியபோது மணி 4.58. மேலே சென்று நுழைவாயில் வரிசையில் நின்று, பெட்டி ஒப்படைக்கும் கவுன்டரை அடைந்தபோது 5.08. அந்தக் கவுன்டர் 5.10-க்கு மூடப்படும்.

அடுத்த வாரம் என் தந்தை தனியாகப் பயணம் செய்கிறார். அவருக்கு 74 வயது, நடக்க முடியும், ஆனால் படி ஏறுவது சிரமம். அவரையும் யாராவது கீழே இறக்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். அங்கே அடிக்கடி போய்வருபவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைப்பயணி

அம்மா, வருகைத் தளத்தில் இறங்கியவர்கள் அங்கேயே நின்று வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. செயலி வண்டிகள் இப்போது பல அடுக்குக் கார் நிறுத்தத்திலிருந்துதான் புறப்படுகின்றன. வெளியே வந்ததும் பலகையைப் பார்த்து அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும். முதியவராக இருந்தால் பேட்டரி வண்டி கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். தந்தையை அங்கே போய் வரவேற்பது உங்களுக்கும் எளிது.

மாம்பலம்வாசி

நன்றி ஐயா, ஆனால் நான் கேட்டது அதுவன்று. என் தந்தை சென்னையில் வந்து இறங்கவில்லை, சென்னையிலிருந்து புறப்படுகிறார். காரிலிருந்து தவறான தளத்தில் இறக்கிவிட்டால், சரியான தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே கேள்வி.

திரிசூலம் லோக்கல்

இந்தக் கேள்விக்கு என்னைப் போன்றவர்கள் பதில் சொல்லலாம், ஏனென்றால் நாங்கள் ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்துக்குத்தான் வருகிறோம். நான் தாம்பரம் தாண்டி இருக்கிறேன். புறநகர் ரயிலில் திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் நடந்து மறுபுறம் ஏறினால் விமான நிலைய வளாகம் வந்துவிடும். மேம்பாலத்தில் ஏறுவது வண்டிகள் மட்டும்தான், நடந்து வருகிறவன் தரையில்தான் வந்து சேர்வான். ஆகவே கீழிருந்து மேலே போவது எனக்கு வழக்கமான வேலை.

உங்கள் தந்தைக்கு முதலில் எழுத வேண்டியது வழி அன்று, தாம் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதைக் கண்டுகொள்ளும் முறை. காரிலிருந்து கால் வைத்ததும் தலைக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். மேலே சாலையின் அடிப்புறமும் அதைத் தாங்கும் பெரிய தூண்களும் தெரிந்தால் அவர் கீழே இருக்கிறார் என்று பொருள். அங்கே கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு, கையில் பெயர் எழுதிய அட்டையோடு ஆட்கள் நிற்பார்கள். டாக்சி வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்பார்கள். கதவிலிருந்து வெளியே வருகிறவர்களின் தள்ளுவண்டி நிறைந்திருக்கும், உள்ளே போகிறவர் எவரும் இருக்க மாட்டார். மேல்தளம் இதற்கு நேர்மாறானது. அங்கே எல்லோருடைய முகமும் கட்டடத்தைப் பார்த்து இருக்கும், கதவருகே வரிசை நிற்கும், காவலர் ஒவ்வொருவருடைய சீட்டையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்ப்பார்.

இதைக் கண்டுகொண்டால் காரிலிருந்து பெட்டியை எடுக்காமலே, "மேலே புறப்பாட்டுக்குக் கொண்டு விடுங்கள்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம். பெட்டி இறங்கிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

கிள்ளான்காரர்

இவ்வளவு குழப்பம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நான் மலேசியாவில் இருப்பவன். கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் வருகை மூன்றாம் தளம், புறப்பாடு ஐந்தாம் தளம். மூன்றில் இறக்கிவிட்டால் அருகில் உள்ள கதவு வழியாகக் கட்டடத்துக்குள் நுழைந்து, லிஃப்டில் ஐந்தை அழுத்தினால் முடிந்தது. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே கூடத்தில்தான் பெட்டி ஒப்படைக்கிறோம், பிரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்னையிலும் கட்டடத்துக்குள் லிஃப்ட் இருக்கத்தானே செய்யும்? கதவில் நிற்பவரிடம் பணிவாகக் கேட்டு உள்ளே போய் ஏறிவிட வேண்டியதுதான். வெளியே சுற்றுவது எதற்கு?

முனையத்தில் இருபது ஆண்டு

கிள்ளான் நண்பர் சொல்வது அவர் ஊருக்கு முழுக்கச் சரி. சென்னைக்கு, ஏன், இந்தியாவின் எந்தப் பெரிய விமான நிலையத்துக்கும் அது பொருந்தாது. நான் தரைப்பணி நிறுவனம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதவடியில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் முனையத்தின் வாசல் ஒரு கடைத்தெருவின் வாசல் மாதிரி, யாரும் நுழையலாம், சோதனை உள்ளே போன பிறகுதான் தொடங்கும். இங்கே முதல் சோதனையே வாசலில்தான். விமான நிலையப் பாதுகாப்பை 2000-ஆம் ஆண்டு முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை படிப்படியாக ஏற்றுக்கொண்டது. அன்றைய பயணத்துக்கான சீட்டும் அடையாள அட்டையும் பொருந்தினால்தான் வாசலில் இருக்கும் படைவீரர் உள்ளே விடுவார். அந்தச் சரிபார்ப்புக்கு என்று அமைத்திருப்பவை புறப்பாட்டு வாயில்கள் மட்டுமே.

வருகைக் கதவு ஒருவழிக் கதவு. அதன் உட்புறம் இருப்பது பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுகள் உள்ள கூடம். விமானத்திலிருந்து இறங்கியவர்கள் ஓடுதளப் பக்கத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு நேராக வருகிறார்கள். அவர்கள் கிளம்பிய ஊரில் சோதிக்கப்பட்டவர்கள். வெளியிலிருந்து ஒருவர் அங்கே நுழைந்துவிட்டால், சோதிக்கப்படாத ஒருவர் சோதிக்கப்பட்ட பயணிகளோடு கலந்துவிடுவார். ஆகவே உங்கள் சீட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், அந்தக் கதவுக் காவலர் தலையசைக்க முடியாது. அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. மாம்பலம் அம்மா இரண்டு கதவுகளில் கேட்டு இழந்த அந்தச் சில நிமிடங்கள் இதனால்தான் வீணாயின. எட்டாவது கதவில் கேட்டாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

எனவே இந்தியாவில் விதி ஒன்றுதான்: கட்டடத்துக்குள் வழி தேடாதீர்கள், கட்டடத்துக்கு வெளியே வழி தேடுங்கள். கீழ்ச்சாலையிலிருந்து மேல்சாலைக்கு ஏறும் லிஃப்ட், முகப்புக்கு வெளிப்புறமாக இருக்கும். கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அது கண்ணில் படாது. கதவுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடைபாதையின் நீளத்துக்குப் பார்க்க வேண்டும். பலகையில் தமிழில் "புறப்பாடு" என்று எழுதி, மேல்நோக்கிய அம்புக்குறியோ விமானம் மேலே ஏறும் படமோ இருக்கும். விமானம் கீழே இறங்கும் படம் வருகைக்கு உரியது. எழுத்துப் படிக்க நேரமில்லாதவர்கள் படத்தை மட்டும் பார்த்தாலே போதும்.

திரிசூலம் லோக்கல்

அந்த லிஃப்டைப் பற்றி ஒன்று. அதிகாலையில் ஒரே நேரத்தில் பல விமானங்கள் புறப்படும் என்பதால், பெட்டி நிறைந்த தள்ளுவண்டிகள் அதற்கு முன்னால் நின்றுவிடும். இரண்டு வண்டி ஏறினாலே லிஃப்ட் நிறைந்துவிடும். மேலேயிருந்து இறங்கி வருபவர்கள் வெளியே வந்து, பிறகு நாம் ஏற வேண்டும். ஆகவே கையில் தூக்கக்கூடிய ஒரே பெட்டியாக இருந்தால், தள்ளுவண்டி எடுக்காமல் போவது நல்லது. வண்டியில்லாத ஒருவர் நுழைய எப்போதும் இடம் இருக்கும். தள்ளுவண்டி வேண்டுமென்றால் மேலே போய் எடுத்துக்கொள்ளலாம்.

கிள்ளான்காரர்

முனையத்தில் இருந்தவர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் சென்னைக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கதவுக்கு வெளியே நிற்பதைப் பார்த்து, கூட்டம் அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்பது இன்றுதான் தெரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். புறப்பாட்டை ஏன் மேலே வைக்க வேண்டும்? தரையிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

முனையத்தில் இருபது ஆண்டு

சிறிய விமான நிலையங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அங்கே இந்தக் குழப்பமும் இல்லை. பெரிய இடத்தில் பெட்டியும் மனிதரும் போகும் பாதைதான் இதைத் தீர்மானிக்கிறது. புறப்படுபவர் கவுன்டரில் பெட்டியைக் கொடுத்தவுடன் அது பெல்ட்டில் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போகிறது. அங்கே பிரிக்கப்பட்டு, தரையில் நிற்கும் வண்டிகளில் ஏற்றப்பட்டு விமானத்தின் வயிற்றுக்குப் போகிறது. விமானத்தின் கதவோ தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. எனவே பயணி மேல்தளத்திலேயே இருந்தால் படி இறங்காமல் ஏறுபாலம் வழியாக நேராக விமானத்துக்குள் நடக்கலாம். வருபவருக்கு இது மறுபுறம். அவர் பாலத்திலிருந்து இறங்கி வர, அவருடைய பெட்டி தரையிலிருந்து தரையிலேயே பெல்ட்டுக்கு வந்துவிடுகிறது. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்று இரண்டு வைத்தால் முகப்பின் முழு நீளமும் இரண்டு முறை பயன்படுகிறது. கோலாலம்பூரிலும் புறப்பாடு மேலே இருப்பதற்கு இதே காரணம்தான்.

சென்னையில் 2013-க்கு முன்பு உள்நாட்டு முனையத்துக்குத் தரையிலேயே வண்டி வந்து நின்றது நினைவிருக்கும். புதிய கட்டடத்தோடு மேம்பாலமும் வந்த பிறகுதான் "கீழே இறக்கிவிட்டார்" என்ற புகார் பிறந்தது. பழைய பழக்கத்தில் கீழேயே விடுபவர்களும் உண்டு. மேம்பாலத்தில் வண்டி நெருக்கடி இருக்கும்போது வேண்டுமென்றே கீழே விடுபவர்களும் உண்டு.

ஓட்டுநர் பக்கம்

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன், எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. எல்லோரும் வேண்டுமென்று செய்வதில்லை. செயலியில் வாடிக்கையாளர் வெறுமனே "சென்னை ஏர்போர்ட்" என்று போட்டால், வரைபடம் வளாகத்தின் நடுவில் ஏதோ ஓர் இடத்தைக் குறிக்கும். வரைபடத்துக்கு மேல்சாலையும் கீழ்ச்சாலையும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தெரியும், அது உயரத்தைச் சொல்லாது. புதிதாக ஓட்டுபவர் கோட்டைப் பின்பற்றிப் போய்க் கீழே வந்து நின்று, "வந்தாச்சு" என்று சொல்லிவிடுவார். பதிவு செய்யும்போதே இடத்தின் பெயரில் புறப்பாடு என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், முனைய எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் சாலை பிரியும் இடத்தில் பலகை வரும். அந்தப் பிரிவைத் தாண்டிக் கீழே போய்விட்டால், நான் மீண்டும் மேலே வர முழுச் சுற்றுச் சுற்றிவர வேண்டும். நெருக்கடி நேரத்தில் அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரத்தில் நீங்கள் லிஃப்டில் ஏறி வாயிலையும் தாண்டியிருப்பீர்கள். அதனால் முன்னாலேயே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து திரும்பும்போதே சொல்லிவிடுங்கள்.

திரிசூலம் லோக்கல்

இங்கே மட்டும் ஓட்டுநரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கையில் ஒரு மணி நேரம் இருந்தால், முதியவர் காரிலேயே உட்கார்ந்து இன்னொரு சுற்று வருவதுதான் நல்லது. நேரம் குறைவாக இருந்தால் மட்டும் லிஃப்ட். 74 வயதுக்காரர் பெட்டியோடு தனியாகக் கீழே தேடி அலைவதைவிட, இன்னொரு சுற்றுக்கான காசு பெரிதன்று.

ஓட்டுநர் பக்கம்

காசைப் பற்றி நான் சொல்லவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு அந்தச் சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. லிஃப்ட் எவ்வளவு நேரம் என்பதை ஓரளவு சொல்லலாம்.

ராஜதானிவாசி

தில்லியில் இருக்கிறேன். இங்கே மூன்றாம் முனையத்திலும் இதே அமைப்புத்தான், மேலே புறப்பாடு, கீழே வருகை, வாசலில் சோதனை. ஆனால் இங்கே அதைவிடப் பெரிய அபாயம் தளம் அன்று, முனையம். முதல் முனையம் மூன்றாம் முனையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தவறான முனையத்தில் இறங்கினால் எந்த லிஃப்டும் உதவாது, மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். "உள்நாடு என்றால் முதல் முனையம்" என்று பழைய நினைவில் இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள், மூன்றாம் முனையத்திலிருந்தும் உள்நாட்டு விமானங்கள் ஏராளமாகப் புறப்படுகின்றன. சென்னையில் உள்நாட்டுக்கு ஒரே கட்டடம்தானே, அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

முனையத்தில் இருபது ஆண்டு

இல்லை நண்பரே, அந்த அதிர்ஷ்டம் 2023-இல் போய்விட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் புதிய பன்னாட்டு முனையமான T2 திறக்கப்பட்டது. அதன் பிறகு, முன்பு பன்னாட்டுப் புறப்பாட்டுக்கு இருந்த T4 உள்நாட்டு விமானங்களுக்குத் தரப்பட்டது. ஆகவே இன்று உள்நாட்டுக்கு T1, T4 என்று இரண்டு உண்டு. ஒரே வளாகம்தான், மேல்சாலையும் ஒன்றோடொன்று தொடர்வதுதான். தில்லி மாதிரி கிலோமீட்டர் கணக்கில் இல்லை. ஆனால் பெட்டியோடு நடப்பவருக்கு அது ஓர் எட்டு நடையும் இல்லை.

இதனால்தான் பழைய சென்னைவாசிகள் சொல்லும் அறிவுரை இப்போது தவறாகப் போகிறது. "உள்நாடு இந்தப் பக்கம், வெளிநாடு அந்தப் பக்கம்" என்று வழி சொல்வார்கள், அவர்கள் காட்டுவது T1 மட்டும். கேட்கும்போது "டொமஸ்டிக் எங்கே" என்று கேட்காமல், "டி-ஒன் டிபார்ச்சர் எங்கே" அல்லது "டி-ஃபோர் டிபார்ச்சர் எங்கே" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். எந்த நிறுவனம் எந்த எண் என்று நான் இங்கே பட்டியல் போடவில்லை, ஏனென்றால் அது மாறக்கூடியது. சீட்டில் புறப்படும் ஊரின் பெயருக்கு அருகில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் அல்லது அங்கிருந்து வரும் விமானம் ஒன்றின் உள்நாட்டுப் பகுதிக்கு மட்டும் சிலருக்குச் சீட்டு கிடைக்கும். ஊர் உள்நாட்டு ஊர்தான், ஆனால் விமானம் நிற்பது பன்னாட்டு முனையத்தில். அப்படிப்பட்ட பயணிக்கு உள்நாட்டு வாயில் திறக்காது. இதையும் சீட்டில் உள்ள எண்தான் காட்டிக்கொடுக்கும்.

முகம்காட்டி

இப்போது டிஜி யாத்ரா வந்துவிட்டது, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். தந்தைக்கு அதைப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். பிறகு எந்தக் கதவில் நின்றாலும் உள்ளே போய்விடலாம், மேலே கீழே என்ற தொல்லையே இருக்காது.

முனையத்தில் இருபது ஆண்டு

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. அந்த வசதி புறப்பாட்டு வாயிலில் நிற்கும் வரிசையைக் குறைக்கும். அந்தக் கருவி இருப்பது புறப்பாட்டுப் பக்கத்தில் மட்டும்தான், வருகைக் கதவில் காட்ட அங்கே கருவியே இல்லை. அது தளத்தை மாற்றாது. 74 வயதுக்காரர் செல்பேசியில் பழகாதவராக இருந்தால், அச்சிட்ட சீட்டும் அசல் அடையாள அட்டையும் மேல்சட்டைப் பையில் இருப்பதே போதும்.

மெட்ரோ மேகலை

தனியாகப் போகிறவர் என்றால் மெட்ரோவில் அனுப்பலாமே? விமான நிலைய மெட்ரோ நிலையம் 2016-இல் திறக்கப்பட்டது, அது தூண்மேல் நிற்கும் நிலையம். அங்கிருந்து மூடிய மேல்நடைபாதை முனையங்களை நோக்கிப் போகிறது, நகரும் பட்டைகளும் உண்டு. ஓட்டுநர் கீழே விடுவாரா மேலே விடுவாரா என்ற பிரச்சினையே எழாது. நான் என் மாமியாரை அப்படித்தான் அனுப்புகிறேன்.

மாம்பலம்வாசி

நல்ல யோசனை, ஆனால் விமானம் காலை 6.10-க்கு. அந்த நேரத்துக்கு ஏற்ற மெட்ரோ ரயில் கிடைக்காது. பகல் விமானமாக இருந்தால் நிச்சயம் அதைத்தான் செய்வேன்.

நேரக் கணக்கைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? சென்ற முறை இரண்டே நிமிடத்தில் தப்பித்தோம். தந்தைக்கு எவ்வளவு நேரம் கூடுதலாக வைக்க வேண்டும்?

முனையத்தில் இருபது ஆண்டு

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முக்கிய நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்தில் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன, ஏறும் வாயிலை 25 நிமிடம் முன்பு மூடுகின்றன. 6.10 விமானத்துக்கு 5.10 என்பது அதனால்தான். நீங்கள் கீழே இறங்கியது 4.42, லிஃப்டைக் கண்டுபிடித்தது 4.58. அதாவது தேடுவதற்கு 16 நிமிடம், லிஃப்டுக்கும் வாயிலுக்கும் கவுன்டருக்கும் சேர்த்து 10 நிமிடம். வழி தெரிந்த ஒருவருக்கு அந்த 16 நிமிடம் இரண்டோ மூன்றோ நிமிடம்தான். ஆகவே தளம் மாறியதால் ஏற்படும் உண்மையான இழப்பு சிறியது. தெரியாமல் கதவு கதவாகக் கேட்டதுதான் பெரிய இழப்பு.

உங்கள் தந்தை பெட்டியை ஒப்படைக்கப் போகிறார் என்றால் 4.00 மணிக்கு வளாகத்தில் இருக்கட்டும், கீழே இறக்கப்பட்டாலும் தாங்கும். கைப்பெட்டி மட்டும் என்றால், முந்தைய நாளே இணையத்தில் செக்-இன் செய்து அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்போது 5.10 என்ற கெடு அவருக்குப் பொருந்தாது, சோதனையை முடித்து 5.45-க்குள் ஏறும் வாயிலில் இருந்தால் போதும்.

சக்கர நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடக்க முடிந்தவராக இருந்தாலும், சீட்டுப் பதிவில் சக்கர நாற்காலி உதவியைக் கேட்டு வையுங்கள். ஆனால் அந்த உதவியாளர் காத்திருப்பது மேல்தளத்துப் புறப்பாட்டு வாயிலில்தான், கீழே எவரும் வந்து தேட மாட்டார்கள். கீழே இறங்கிவிட்டு நாற்காலி வரும் என்று உட்கார்ந்திருந்தால் விமானம் போய்விடும். நான் பணியில் இருந்தபோது ஒரு மூதாட்டி அப்படித் தூணருகே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மேலே அவர் பெயரை அழைத்துக்கொண்டிருந்தோம்.

கோட்டைப்பயணி

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். ஆனால் எனக்கு ஒரு முறை நடந்ததையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கதவில் ஒரு காவலர் என் தாயாரின் வயதைப் பார்த்து, உள்ளே விட்டு, பணியாளர் ஒருவரோடு மேலே அனுப்பினார். ஆகவே ஒருபோதும் விடமாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

முனையத்தில் இருபது ஆண்டு

நடந்திருக்கலாம், உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு தாளில் வழியாக எழுதிக் கொடுக்க முடியாது.

மாம்பலம்வாசி

எல்லோருக்கும் நன்றி. தந்தைக்கு எழுதிய தாள் இது, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

"காரை விட்டு இறங்கும் முன் மேலே பார்க்கவும். தலைக்கு மேல் சாலை தெரிந்தால் இறங்க வேண்டாம், மேலே கொண்டுவிடச் சொல்லவும். ஓட்டுநர் மறுத்தால் இறங்கி, கண்ணாடிக் கதவுகளுக்குப் போகாமல், வெளியே உள்ள லிஃப்டைக் கேட்கவும். கேட்கும்போது டி-ஒன் டிபார்ச்சர் என்று சொல்லவும். மேலே போன பிறகு சக்கர நாற்காலியைக் கேட்கவும், கீழே கேட்க வேண்டாம். சீட்டும் ஆதார் அட்டையும் சட்டைப் பையில் இருக்கின்றன."

இதைப் படித்துவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: லிஃப்ட் பழுதாகியிருந்தால் என்ன செய்வது? படி இருக்கிறது என்று சொன்னேன். முழங்காலைத் தடவிக் காட்டினார்.

திரிசூலம் லோக்கல்

எனக்கு அப்படி ஒரு முறை ஆயிற்று. அடுத்த லிஃப்ட் வரை நடந்தேன், அது வேலை செய்தது. இரண்டும் ஒரே நாளில் நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நடை அவருக்குச் சிரமமாகத்தான் இருக்கும். காரில் இன்னொரு சுற்று என்று நான் சொன்னது இதற்காகவும்தான்.